சாண்ட்விச்சைப் பிரித்து எடை போடுவது

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பெரம்பலூரில் உணவு ஆலோசகராக வேலையைத் தொடங்கியபோது, பிரெட் என்பது காய்ச்சல்காரருக்கு வாங்கிப்போகும் பண்டம். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு கையில் ஆரஞ்சுப் பழமும் இன்னொரு கையில் பிரெட் பாக்கெட்டுமாக வருவார்கள். பாலில் நனைத்துக் கொடுப்பார்கள். உடம்பு தேறியதும் மீதிப் பாக்கெட்டைத் தொடமாட்டார்கள். என்னிடம் வருகிறவர்கள் கேட்டதெல்லாம் இட்லிக் கணக்கு, சோற்றுக் கணக்கு, கேழ்வரகுக் களிக் கணக்கு. சாண்ட்விச்சைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

பிறகு சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டிக் கல்லூரிகள் வந்தன, விடுதிகள் வந்தன, அவற்றின் வாசலில் பேக்கரிகள் வந்தன. அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாகச் சாண்ட்விச்சைப் பொட்டலம் கட்டி வாங்கிப்போகத் தொடங்கினார்கள். இன்று வாரத்தில் ஒருவராவது என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒரு வெஜ் சீஸ் சாண்ட்விச்சுக்கு எவ்வளவு போட்டுக்கணும் மேடம்?" என்று கேட்கிறார். சர்க்கரை நோயாளிக்கு மாவுச்சத்து வேண்டும், உடற்பயிற்சிக்கூடத்துப் பையனுக்குப் புரதம் வேண்டும், எடை குறைக்கிறவருக்குக் கொழுப்பும் கலோரியும் வேண்டும். மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் சேர்த்துப் பையன்கள் 'மேக்ரோ' என்கிறார்கள்.

ஒரு சாண்ட்விச்சுக்கு இவ்வளவு என்று ஒற்றை எண்ணாக நான் யாருக்கும் சொல்வதில்லை. அதைப் பிரித்துத்தான் போட வேண்டும். பிரெட், தடவுவது, உள்ளே வைப்பது, சீஸ் என்று நான்கு பகுதிகள். நான்கும் நான்கு விதமாகப் பிழை தரக்கூடியவை. எந்தப் பகுதியில் எந்தச் சத்து குவிந்திருக்கிறது, எங்கே ஐந்து கிராம் தவறினால் கணக்கு கெடும், எங்கே தவறினாலும் பாதகமில்லை என்று தெரிந்துகொள்வதுதான் இந்த வேலையில் பாதி.

முதலில் எண்களை எங்கிருந்து எடுப்பது என்பதைச் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பழைய புத்தகம் ஒன்று உண்டு. கோபாலன், ராம சாஸ்திரி, பாலசுப்பிரமணியன் மூவரும் தொகுத்த இந்திய உணவுகளின் சத்து மதிப்பு. எங்கள் தலைமுறை அதை வைத்துத்தான் படித்தது, அதை வைத்துத்தான் வேலை செய்தது. 2017இல் அதே நிறுவனம் 528 உணவுகளைப் புதிதாகப் பகுப்பாய்வு செய்து பெரிய அட்டவணையாக வெளியிட்டது. அருமையான வேலை. ஆனால் அது பெரும்பாலும் சமைக்காத மூலப்பொருள்களின் அட்டவணை. கோதுமை மாவு இருக்கிறது, மைதா இருக்கிறது, பனீர் இருக்கிறது. பிரெட் இல்லை. சீஸும் இல்லை. ஆகவே சாண்ட்விச் கணக்குக்குப் பழைய புத்தகத்தையும் பாக்கெட்டின் பின்பக்கத்தையும் விட்டால் வழியில்லை. புதிய அட்டவணையில் ஆற்றல் கிலோஜூலில் இருக்கும். 4.184ஆல் வகுத்தால்தான் கலோரி கிடைக்கும். இதைக் கவனிக்காமல் பனீர் 100 கிராமில் ஆயிரத்துக்கு மேல் கலோரி என்று எழுதிக்கொண்டு வந்த பயிற்சி மாணவிகளைப் பார்த்திருக்கிறேன்.

பழைய புத்தகத்தில் வெள்ளை பிரெட் 100 கிராமுக்குப் புரதம் 7.8 கிராம், கொழுப்பு 0.7 கிராம், மாவுச்சத்து 51.9 கிராம், ஆற்றல் 245 கலோரி. எந்த எண்ணை எடுத்தாலும் முதலில் ஒரு சோதனை செய்துவிடுவேன். புரதத்தையும் மாவுச்சத்தையும் நான்கால் பெருக்கி, கொழுப்பை ஒன்பதால் பெருக்கிக் கூட்டுவது. அமெரிக்காவின் ஆட்வாட்டர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த பெருக்கு எண்கள் இவை. 31, 6, 208, கூட்டினால் 245. புத்தகத்தோடு பொருந்துகிறது. ஒரு பாக்கெட்டின் மூன்று எண்களை இப்படிக் கூட்டி, அங்கே அச்சடித்திருக்கும் கலோரியோடு பத்துப் பதினைந்துக்கு மேல் இடித்தால், ஏதோ ஓர் எண் தவறு. அல்லது நார்ச்சத்தை மாவுச்சத்தோடு சேர்த்திருக்கிறார்கள். ஒரு நிமிட வேலை, எத்தனையோ பிழைகளை வாசலிலேயே நிறுத்திவிடும்.

இந்தக் கணக்கின் தேவை எனக்கு முழுதாக விளங்கியது முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள ஒரு கல்லூரி மாணவியால். விடுதியில் தங்கிப் படித்தாள். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுகிற பெண். 12 கிராம் மாவுச்சத்துக்கு ஒரு யூனிட் என்று அவளுடைய மருத்துவர் விகிதம் கொடுத்திருந்தார். மெஸ் சாப்பாட்டில் அவள் கணக்கு நன்றாக ஓடியது. பேக்கரி சாண்ட்விச் சாப்பிடும் நாளில் மட்டும் இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை ஏறி நின்றது. நோட்டைப் பார்த்தேன். 'சாண்ட்விச் - 30 கிராம்' என்று எழுதியிருந்தாள். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"ஒரு ஸ்லைஸுக்குப் பதினஞ்சு கிராம்னு ஒரு நோட்டீஸ்ல போட்டிருந்துச்சு மேடம். ரெண்டு ஸ்லைஸ்தானே?"

பதினைந்து கிராம் என்பது 28, 29 கிராம் எடையுள்ள ஸ்லைஸுக்குச் சரி. அவள் சாப்பிட்ட ஸ்லைஸ் எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. உள்ளே இருந்த உருளைக்கிழங்கு மசாலாவையும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அடுத்த முறை வரும்போது சாண்ட்விச்சை வாங்கி வராதே, கடைக்கே போவோம் என்றேன்.

கட்டிய சாண்ட்விச்சைப் பிரித்து எடை போட முடியாது. மசாலா பிரெட்டில் ஒட்டிக்கொள்ளும், வெண்ணெய் பிரெட்டுக்குள் இறங்கியிருக்கும், சீஸ் உருகியிருக்கும். கட்டும்போதே ஒவ்வொன்றாக எடை பார்ப்பதுதான் வழி. கடைக்காரர் எனக்குப் பழக்கமானவர், மகளின் காய்ச்சலுக்கு ஒருமுறை உணவு எழுதிக்கொடுத்திருக்கிறேன். "தராச இங்க வச்சுக்கங்க மேடம், கூட்டம் வர்றதுக்குள்ள பாத்துக்கலாம்" என்று கல்லுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார்.

பிரெட்டை டோஸ்ட் செய்வதற்கு முன் எடை போட வேண்டும். கல்லில் வாட்டும்போது போவது தண்ணீர் மட்டுமே, மாவுச்சத்து அப்படியே இருக்கிறது. வாட்டிய ஸ்லைஸை எடை போட்டு, சாதாரண பிரெட்டின் எண்ணால் பெருக்கினால் கணக்கு குறைவாக வரும். மொறுமொறுவென்று வாட்டிய ஸ்லைஸ் மூன்று, நான்கு கிராம் இழந்திருக்கும். இன்சுலின் போடுகிறவருக்கு இரண்டு கிராம் மாவுச்சத்து காணாமல்போவது பெரிய விஷயமில்லை. ஆனால் தவறு ஒவ்வொரு நாளும் ஒரே திசையில் நடக்கும்.

அன்று அவர் எடுத்த இரண்டு ஸ்லைஸில் ஒன்று 31 கிராம், மற்றது 34. கையால் அறுக்கிற கடைகளில் இப்படித்தான், ஒன்றைப்போல் ஒன்று இராது. இரண்டும் சேர்ந்து 65 கிராம். மாவுச்சத்து 33.7 கிராம், புரதம் 5.1, கொழுப்பு 0.5.

அடுத்தது வெண்ணெய். இங்கே தராசு ஏமாற்றும். வீட்டுச் சமையல் தராசுகள் பலவற்றில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் சிறு மாற்றங்களைத் தானே அழித்துவிடும் பழக்கம் உண்டு. ஸ்லைஸை வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெண்ணெய் தடவினால் அந்த எடை முழுதாகத் தராசில் ஏறாது. எனவே நான் வெண்ணெய் டப்பாவைக் கத்தியோடு சேர்த்து முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை எடை போட்டுக் கழிக்கிறேன். கத்தியும் டப்பாவோடு இருப்பதால் அதில் ஒட்டியது கணக்கில் தானாகக் கழிந்துவிடும். கடைக்காரர் உள்பக்கம் தடவிவிட்டு, கல்லில் போடும்போது வெளிப்பக்கமும் ஒரு தேய் தேய்த்தார். "அப்பத்தான் கலர் வரும்" என்றார். அந்த வெளிப்பக்கத்து வெண்ணெயை யாருமே எண்ணுவதில்லை. மொத்தம் 12 கிராம் குறைந்திருந்தது. இந்திய விதிப்படி டேபிள் பட்டரில் பால் கொழுப்பு குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். ஆகவே கொழுப்பு 9.6 கிராம். மற்ற இரண்டும் பூஜ்யத்துக்குப் பக்கம். கல்லில் கொஞ்சம் ஒட்டியிருக்கும்தான். அதைக் கழிக்கப் பார்த்தால் ஊகமாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே வைக்கிற மசாலாதான் நான்கிலும் கடினமானது. அதற்குப் பாக்கெட் இல்லை, புத்தகத்தில் எண்ணும் இல்லை. சட்டி முழுவதற்கும் கணக்குப் போட்டு, அதிலிருந்து பங்கு பிரிக்க வேண்டும். கடைக்காரரிடம் அன்று காலை போட்ட அளவைக் கேட்டேன். தோலுரித்த உருளைக்கிழங்கு ஒரு கிலோ, சின்ன வெங்காயம் 200 கிராம், எண்ணெய் 50 கிராம். பெரம்பலூர்ப் பக்கம் செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை, விலை இறங்கிய காலமென்றால் பெரிய வெங்காயத்தைத் தொடமாட்டார்கள். மிளகாய், மஞ்சள், கொத்தமல்லியெல்லாம் இந்தக் கணக்கில் நிற்காது, விட்டுவிடலாம்.

பழைய புத்தகத்தின்படி உருளைக்கிழங்கு ஒரு கிலோவில் மாவுச்சத்து 226 கிராம், புரதம் 16, கொழுப்பு ஒன்று. சின்ன வெங்காயம் 200 கிராமில் மாவுச்சத்து 25, புரதம் மூன்றரை. எண்ணெய் முழுவதும் கொழுப்பு. சட்டி மொத்தத்துக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 251 கிராம், புரதம் 19.6, கொழுப்பு 51. சமைத்து முடித்த மசாலாவைச் சட்டியோடு எடை போட்டு, வெறும் சட்டியின் எடையைக் கழித்தோம். 1,150 கிராம். இந்தக் கடைசி எடைதான் முறையின் அச்சாணி. அது இல்லாவிட்டால் மூலப்பொருளின் கணக்கைத் தட்டில் இருக்கும் பொருளோடு இணைக்க முடியாது. சட்டி சுண்டச் சுண்ட ஒவ்வொரு கரண்டியிலும் சத்து அடர்த்தி கூடும், தண்ணீர் விட்டால் குறையும். ஸ்லைஸின் மேல் அவர் வைத்தது 60 கிராம். பங்கு பிரித்தால் மாவுச்சத்து 13.1 கிராம், புரதம் 1, கொழுப்பு 2.7.

சீஸ் எளிது. பாக்கெட் ஸ்லைஸ், ஒன்று 20 கிராம் என்று உறையிலேயே இருந்தது. 100 கிராமுக்குப் புரதம் 20, கொழுப்பு 25, மாவுச்சத்து 2 என்று அச்சடித்திருந்தார்கள். ஐந்தால் வகுத்தால் புரதம் 4, கொழுப்பு 5, மாவுச்சத்து 0.4. உறையில் 100 கிராமுக்கு ஒரு பத்தியும் ஒரு பரிமாறலுக்கு ஒரு பத்தியும் இருக்கும். அவசரத்தில் பத்தி மாறிப் படிப்பதுதான் இங்கே நடக்கக்கூடிய ஒரே பிழை. பிறகு தக்காளி, வெள்ளரி வட்டங்கள், ஒரு பூச்சு பச்சைச் சட்னி. எல்லாம் சேர்த்து மாவுச்சத்து ஒரு கிராம், புரதம் 0.2 என்று வைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் மேலிருந்து கீழாக எழுதினோம், அந்தப் பெண்தான் எழுதினாள். மாவுச்சத்து 33.7, 13.1, 0.4, 1. கூட்டினால் 48.2. புரதம் 5.1, 1, 4, 0.2. கூட்டினால் 10.3. கொழுப்பு 0.5, 9.6, 2.7, 5. கூட்டினால் 17.8. நான்கு, நான்கு, ஒன்பதால் பெருக்கினால் ஏறத்தாழ 394 கலோரி. முழு எண்ணாக்குவதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு வரியிலும் முழுதாக்கிக்கொண்டு போனால் கொழுப்பில் மட்டுமே ஒரு கிராமுக்கு மேல் கூடிவிடும்.

அவள் எழுதியிருந்தது 30, தட்டில் இருந்தது 48. அவளுடைய விகிதத்தில் இரண்டரை யூனிட்டுக்கும் நான்கு யூனிட்டுக்கும் உள்ள வித்தியாசம். இந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவள் மருத்துவரிடம் போனாள், அளவை மாற்றியது அவர்தான். இன்னொன்றையும் அவர் சொல்லி அனுப்பியிருந்தார். 18 கிராம் கொழுப்பு இருக்கிற சாப்பாட்டில் வயிறு மெதுவாகக் காலியாகும், சர்க்கரையின் ஒரு பங்கு தாமதமாக ஏறும், எனவே இரண்டு மணி நேர அளவோடு நிறுத்தாமல் நான்காவது மணியிலும் பார்க்க வேண்டும் என்று. மாவுச்சத்து கேட்டு வந்தவளுக்குக் கொழுப்புக் கணக்கும் தேவைப்பட்டது இதனால்தான். மூன்று பத்தியையும் சேர்த்துப் போட்டிராவிட்டால் அந்தத் தாமதத்துக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்திருப்போம்.

இந்த ஒரு தாளை வைத்து நான் பலருக்கும் பாடம் சொல்லியிருக்கிறேன். அதில் கவனிக்க வேண்டியது எந்த எண் எதனால் ஆடுகிறது என்பது. அதே கடையில் இன்னொரு பையன் அறுத்தால் ஸ்லைஸ் 45 கிராம் வருகிறது. இரண்டும் சேர்ந்து 90 கிராம், மாவுச்சத்து கிட்டத்தட்ட 47. பிரெட்டின் தடிமன் மட்டுமே 13 கிராமைக் கூட்டிவிடுகிறது, முழு மசாலாவும் கொடுத்த அளவு.

நம் ஊர் பேக்கரி பிரெட் இனிப்பாக இருக்கிறதே, அதற்கு 52 கிராம் என்ற எண் பொருந்துமா என்று பலர் கேட்பார்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் நெடுநாள் இருந்தது. அரியலூரில் ஒரு பேக்கரி மாஸ்டரிடம் கேட்டேன். பத்துக் கிலோ மைதாவுக்கு ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகச் சர்க்கரை, அரைக் கிலோ கொழுப்பு, ஐந்தரை லிட்டர் தண்ணீர், ஈஸ்ட், உப்பு. மாவு மொத்தம் பதினேழரைக் கிலோ, வெந்து வரும்போது பதினைந்தரை. மைதாவின் மாவுச்சத்து 100 கிராமுக்கு 73.9. இதையும் சர்க்கரையையும் சேர்த்துப் பதினைந்தரைக் கிலோவால் வகுத்தால் 100 கிராம் பிரெட்டுக்கு மாவுச்சத்து 55 கிராம். ஈஸ்ட் சாப்பிடுகிற சர்க்கரையைக் கழித்தால் இன்னும் குறையும். 65 கிராம் பிரெட்டில் வித்தியாசம் இரண்டு கிராம்தான். நாக்குக்குத் தெரிகிற இனிப்பைப் பார்த்துப் பயந்த அளவுக்குக் கணக்கு மாறவில்லை. மாறியது கொழுப்பு. 0.7ஆக இருந்தது ஏறத்தாழ நான்காக ஆகிவிட்டது, கலோரி 245லிருந்து 280க்கு மேல் போகிறது. சர்க்கரை நோயாளி ஸ்லைஸின் தடிமனைப் பார்த்தால் போதும், எடை குறைக்கிறவர் பிரெட் எந்த வகை என்றும் கேட்க வேண்டும்.

தராசு கையில் இல்லாதபோது பாக்கெட் பிரெட் நல்லது. நிகர எடை 400 கிராம் என்று போட்டிருந்தால், ஸ்லைஸ்களை எண்ணி வகுத்துவிடலாம். இரு முனைத் துண்டுகளும் மற்றவற்றின் தடிமனில் இருக்காது, ஆனால் சராசரி பெரிதாகக் கெடாது. கையால் அறுக்கிற கடை பிரெட்டுக்கு இந்த வழி செல்லாது.

புரதக் கேள்வியோடு வருகிறவர்கள் வேறு விதம். அரியலூரில் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போகும் ஒரு தம்பி, சீஸ் சாண்ட்விச் என்றால் புரதம் என்று நம்பித் தினம் மாலையில் இரண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மேலே சொன்ன தாளை அவரிடம் காட்டினேன். பத்து கிராம் புரதத்தில் பாதி பிரெட்டிலிருந்து வருகிறது, சீஸிலிருந்து வருவது நான்குதான். அவரால் நம்ப முடியவில்லை.

"அப்ப சீஸுக்கு நான் குடுக்கிற காசு எதுக்கு மேடம்?"

சீஸின் எடை இருபது கிராம், பிரெட்டின் எடை அறுபத்தைந்து. ஒரு பொருளில் சத்து எவ்வளவு அடர்த்தி என்பதும் தட்டில் அது எத்தனை கிராம் என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். பிரெட்டின் புரதத்தில் லைசின் குறைவு, அதனால் தசை வளர்க்க அது தனியாகப் போதாது என்பதையும் சொன்னேன். இரண்டு சாண்ட்விச் சாப்பிட்டால் அவருக்கு 20 கிராம் புரதம் வருகிறது, கூடவே 35 கிராம் கொழுப்பும் வருகிறது.

நடுவில் இருப்பதைத்தான் மாற்றச் சொன்னேன். உருளைக்கிழங்கு மசாலாவை எடுத்துவிட்டு, இரண்டு முட்டை ஆம்லெட் வைத்தால் புரதம் 13 கிராம் உள்ளே வருகிறது. ஓடு நீக்கிய முட்டை 50 கிராம் என்று வைத்துப் போட்ட கணக்கு இது. சிறிய நாட்டுக்கோழி முட்டையென்றால் உடைத்து ஊற்றி எடை பார்க்க வேண்டும். ஆம்லெட்டுக்கு ஊற்றுகிற எண்ணெயைத் தனி வரியாக எழுதச் சொன்னேன், ஒரு தேக்கரண்டி என்றால் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. முட்டை வேண்டாத நாளில் பனீர் 50 கிராம். புதிய அட்டவணையின்படி 100 கிராம் பனீரில் புரதம் கிட்டத்தட்ட 19, கொழுப்பு 15. பாதிக்குப் புரதம் ஒன்பதரை, கொழுப்பு ஏழரை. கடைப் பனீர் ஒவ்வொன்றும் ஈரத்தில் வேறுபடும், வடிகட்டி அழுத்தியது அடர்த்தியாகவும் தளர்வானது நீர்த்தும் இருக்கும். பாக்கெட் இருந்தால் அதில் உள்ளதையே எடுக்க வேண்டும்.

எடை குறைக்க வருகிற சிமென்ட் ஆலைக்காரர்களிடம் நான் முதலில் கேட்பது தடவுகிற பொருளைப் பற்றித்தான். வெண்ணெய் என்றால் கணக்கு எந்தக் கடையிலும் ஏறத்தாழ ஒன்றே. மயோனைஸ் அப்படியில்லை. நான் பார்த்த டப்பாக்களில் 100 கிராமுக்கு 30 கிராம் கொழுப்பு இருந்ததும் உண்டு, 70 இருந்ததும் உண்டு. எல்லாம் வெள்ளையாக, கெட்டியாக, ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி 15 கிராமில் நான்கரைக் கிராம் கொழுப்பா, பத்தரையா என்பது கண்ணுக்குத் தெரியாது. நாளுக்கு இரண்டு சாண்ட்விச் என்றால் நூறு கலோரிக்கு மேல் வித்தியாசம்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸை ஓராண்டுக்குத் தடை செய்தபோது, கடையிலேயே அடித்துக்கொண்டிருந்தவர்கள் முட்டையில்லாத டப்பா மயோனைஸுக்கு மாறினார்கள். நோய்க்கிருமிக்காக வந்த தடை அது, ஆனால் என் வேலைக்கும் ஓர் உதவி கிடைத்தது. கடையில் அடித்ததற்கு எண்ணெய் எவ்வளவு ஊற்றினார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, டப்பாவுக்கு லேபிள் உண்டு. அரியலூரில் ஷிப்ட் முடிந்து வருகிற ஒருவர் இதற்காகவே கடைக்காரரிடம் டப்பாவின் பின்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வந்து காட்டினார். எண்களை நான்கு, நான்கு, ஒன்பதால் கூட்டிப் பார்த்தோம், பொருந்தியது. அவருக்கு இரண்டு வழி சொன்னேன். மயோனைஸைப் பாதியாக்கி, மீதி இடத்துக்குப் பச்சைச் சட்னி தடவிக்கொள்ளலாம். அல்லது அதே மயோனைஸை வைத்துக்கொண்டு கல்லில் தேய்க்கிற வெளிப்பக்கத்து வெண்ணெயை வேண்டாமென்று சொல்லலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டார். சுவை கூட மாறவில்லை என்றார், நிறம் மட்டும் கொஞ்சம் வெளுத்திருந்ததாம்.

இப்போது கைப்பேசியில் 'வெஜ் சாண்ட்விச்' என்று தட்டினால் ஒரு எண் வந்துவிடுகிறது. பலர் அதைக் காட்டுகிறார்கள். எத்தனை கிராம் பிரெட், என்ன தடவியது, உள்ளே என்ன என்று அதில் இருக்காது. யாரோ ஒருவர் எங்கோ சாப்பிட்டதன் எண் அது. செயலியைப் பயன்படுத்த வேண்டாமென்று நான் சொல்வதில்லை. நான்கு பகுதிகளையும் நான்கு தனிப் பதிவுகளாக, கிராம் கணக்கில் போடச் சொல்கிறேன். அப்படிப் போட்டால் அடுத்த நாள் சீஸ் இல்லாமல் சாப்பிடும்போது அந்த ஒரு வரியை நீக்கினால் போதும்.

அந்த மாணவி படிப்பை முடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஊருக்கு வரும்போது எட்டிப் பார்ப்பாள். போன முறை வந்தபோது அந்தப் பழைய பேக்கரியில் அறுப்பு இயந்திரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். இரண்டு ஸ்லைஸை வாங்கிக் கைப்பையில் இருந்த சிறு தராசில் வைத்துப் பார்த்திருக்கிறாள். 26, 27 கிராம். இனி அந்தக் கடை சாண்ட்விச்சுக்கு 48 இல்லை, 42 என்று தாளில் அடித்து எழுதியிருந்தாள். மசாலாவின் அளவு மாறியிருக்கிறதா என்று கேட்டேன். அதையும் பார்த்துவிட்டேன் மேடம், அதே கரண்டி, அதே அறுபது என்றாள்.